எந்தத் திறன் குறைந்தது? நீண்ட கையேட்டுக்கு ஒரு கலைச்சொல் பட்டியல்

மையவிலக்குப் பம்ப் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டை மூன்று பேர் பகிர்ந்துகொண்டு தமிழாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நானூறு பக்கம். ஒருவருக்கு நிறுவுதல், இன்னொருவருக்கு இயக்குதல், மூன்றாமவருக்குக் கோளாறு நீக்கல். மூவரும் நல்ல தமிழ் எழுதக்கூடியவர்கள். மூவருக்கும் பொறியியல் தெரியும். வேலை முடிந்து அத்தியாயங்களை ஒன்றாகத் தைத்த பிறகு, கோளாறு நீக்கல் பக்கத்தில் இப்படி மூன்று வரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன:

"திறன் குறைந்தால், உறிஞ்சுகுழாயின் வடிகட்டியைப் பார்க்கவும்."
"திறன் குறைந்தால், தேய்வு வளையங்களின் இடைவெளியை அளக்கவும்."
"திறன் குறைந்தால், வெளியேற்று வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்கவும்."

வாக்கியப் பிழை எதுவும் இல்லை. எழுத்துப் பிழை பார்ப்பவர் இதைக் கடந்து போய்விடுவார். ஆனால் பம்ப் அருகே கையேட்டோடு நிற்பவருக்கு இந்தப் பக்கத்தால் பயன் இல்லை. ஆங்கில மூலத்தில் அந்த மூன்று இடங்களிலும் மூன்று வெவ்வேறு சொற்கள் இருந்தன: முதலாவதில் கெப்பாசிட்டி, இரண்டாவதில் எஃபிஷியன்சி, மூன்றாவதில் பவர். தமிழில் மூன்றும் "திறன்" ஆகிவிட்டன. மூன்றுக்கும் அந்தச் சொல் எங்கோ ஒரு பாடநூலில் வழங்கியிருக்கிறது என்பதுதான் சிக்கல். தனித்தனியாகக் கேட்டால் எந்த மொழிபெயர்ப்பாளரும் தவறு செய்யவில்லை.

இருமொழிக் கலைச்சொல் பட்டியல் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் வேறு: ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் "உறை", மற்றோரிடத்தில் "கூடு", இன்னோரிடத்தில் "ஓடு" என்று வந்தால் வாசிப்பவர் குழம்புவார் என்பது. அதுவும் உண்மைதான். ஆனால் அந்தக் குழப்பம் கண்ணுக்குத் தெரியும்; படம் பார்த்தால் தீர்ந்துவிடும். ஒரே சொல் பல பொருளைச் சுமக்கும்போது குழப்பம் இருப்பதே தெரியாது. வாசிப்பவர் தனக்குப் புரிந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வார்.

எண்களை வைத்துப் பார்ப்போம்

மேலே சொன்ன பம்ப் மணிக்கு 50 கன மீட்டர் நீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுகிறது என்று கொள்வோம். நீர் பெறும் திறனைக் கிலோவாட்டில் கணக்கிட ஓர் எளிய வாய்பாடு உண்டு. இதில் Q என்பது மணிக்கு எத்தனை கன மீட்டர், H என்பது எத்தனை மீட்டர் உயரம்:

```
P = 9.81 × Q × H ÷ 3600
```

எண்களைப் போட்டால் ஏறத்தாழ 4.09 கிலோவாட் வருகிறது. தண்டு வழியாகப் பம்ப் எடுத்துக்கொள்வது 5.84 கிலோவாட் என்றால், கொடுத்ததில் 70 விழுக்காடு நீருக்குப் போய்ச் சேர்கிறது. ஆக மூன்று அளவுகள் நம் கையில் இருக்கின்றன: மணிக்கு 50 கன மீட்டர், 70 விழுக்காடு, 5.84 கிலோவாட்.

இப்போது தேய்வு வளையங்கள் தேய்ந்துவிட்டன. வெளியே போக வேண்டிய நீரில் ஒரு பகுதி இடைவெளி வழியாக உறிஞ்சுபக்கத்துக்கே திரும்பிக் கசிகிறது. வெளிவருவது மணிக்கு 45 கன மீட்டராகக் குறைகிறது. உயரமும் தண்டு எடுத்துக்கொள்ளும் அளவும் மாறவில்லை என்று எளிமைக்காக வைத்துக்கொண்டால், நீர் பெறுவது 3.68 கிலோவாட், விழுக்காடு 63. தண்டில் போவது அதே 5.84.

"திறன் குறைந்தது" என்று கையேடு சொன்னால் எதைச் சொல்கிறது? மூன்றில் இரண்டு குறைந்திருக்கின்றன, ஒன்று அசையவே இல்லை. மின்சாரப் பலகையில் கிலோவாட்டைப் பார்ப்பவர் "குறையவில்லையே, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மாறாக, வெளியேற்று வால்வை யாரோ பாதி மூடிவைத்திருந்தால் இந்த வகைப் பம்பில் பெரும்பாலும் கிலோவாட் இறங்கும். ஆனால் பம்பில் பழுது எதுவும் இருக்காது. அதைப் பார்த்துவிட்டுத் தேய்வு வளையத்தைக் கழற்றினால் ஒரு நாள் வேலை வீண்.

பட்டியலின் ஒவ்வொரு பதிவிலும் அலகு எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அளவைக் குறிக்கும் சொற்களில் அகராதி விளக்கத்தைவிட அலகு நேர்மையானது. கிலோவாட்டில் அளக்கப்படுவதும் விழுக்காட்டில் அளக்கப்படுவதும் ஒரே பொருளாக இருக்க முடியாது. அதற்குமேல் விவாதம் தேவையில்லை.

சொல்லுக்கு ஒரு வரி அல்ல, கருத்துக்கு ஒரு வரி

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் பட்டியலை அகராதி போலவே அமைப்பார்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், அகரவரிசையில், வலப்பக்கம் தமிழ். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வரி. இந்த அமைப்பில் மேலே கண்ட சிக்கல் தீராது. சில இடங்களில் கூடவும் செய்யும். கெப்பாசிட்டி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே கையேட்டில் எண்ணெய்த் தொட்டிக்கும் கெப்பாசிட்டி உண்டு. பம்புக்கு அது மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது. தொட்டிக்கு எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பது. ஒரே வரியில் "கொள்ளளவு" என்று எழுதிவைத்தால், தொட்டிக்குச் சரி. பம்ப் எதையும் கொள்வதில்லை, அனுப்புகிறது.

கலைச்சொல் இயலுக்கு அடித்தளம் இட்டவர்களில் முதன்மையாகச் சொல்லப்படும் ஆஸ்திரியப் பொறியாளர் ஆய்கன் வியூஸ்டர், 1968-இல் வெளியிட்ட இயந்திரக் கருவிகளுக்கான ஆங்கில–பிரெஞ்சு அகராதியை அகரவரிசையில் அடுக்கவில்லை, கருத்துகளின்படி அடுக்கினார். முதலில் பொருள், அதற்கு வரையறை, பிறகே இரு மொழிப் பெயர்களும். கலைச்சொல் பணிக்கான ஐஎஸ்ஓ 704 என்ற பன்னாட்டுத் தரமும் கருத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு கையேட்டுக்கு இவ்வளவு கோட்பாடு எதற்கு என்று தோன்றலாம். நடைமுறையில் இதன் பொருள் ஒன்றே ஒன்று: ஆங்கிலச் சொல் ஒன்றாக இருந்தாலும் கருத்து இரண்டென்றால் வரியும் இரண்டு.

நம் பம்ப் கையேட்டின் பட்டியலில் அந்தப் பகுதி இப்படி இருக்கும்:

```
id,en,ta,unit,stem,avoid
014,power,திறன்,kW,திறன,சக்தி|ஆற்றல்
015,efficiency,பயனுறுதிறன்,%,பயனுறுதிறன,திறன்|செயல்திறன்
016,capacity,பாய்வு வீதம்,m3/h,பாய்வு வீத,திறன்|கொள்ளளவு
017,capacity,கொள்ளளவு,L,கொள்ளளவ,கொள்திறன்
```

கெப்பாசிட்டி இரண்டு முறை வருவதைக் கவனியுங்கள். எண்ணும் அலகும் அவற்றைப் பிரிக்கின்றன. இவற்றோடு ஒற்றை வரியில் ஒரு விளக்கமும், அந்தச் சொல் வந்த மூலக் கையேட்டின் ஒரு முழு வாக்கியமும் வேண்டும். இடம் போதாது என்பதால் இங்கே காட்டவில்லை. மூல வாக்கியத்தை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மூன்று மாதம் கழித்து "இது எந்தக் கெப்பாசிட்டி?" என்று கேள்வி வரும்போது விடை சொல்வது அந்த வாக்கியம்தான்.

பட்டியலின் கடைசிப் பத்தியான "avoid", தவிர்க்க வேண்டிய சொற்களுக்கு. எதை எழுத வேண்டும் என்பதை மட்டும் சொன்னால் போதாது. மொழிபெயர்ப்பவர் தன் நினைவிலிருந்து எழுதுகிறார். பட்டியலைத் திறந்து பார்ப்பது சந்தேகம் வந்தால்தான். எஃபிஷியன்சிக்குத் "திறன்" என்று பத்தாண்டுகளாக எழுதிவருபவருக்குச் சந்தேகமே வராது. தவிர்க்க வேண்டியதை எழுதிவைத்தால், அவர் பட்டியலைப் பார்க்காவிட்டாலும் பிறகு நாம் தேடிப் பிடிக்கலாம். அதற்கு முன்னால் இருக்கும் "stem" என்ற பத்தி எதற்கு என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன். தமிழில் அது இல்லாமல் வேலை ஓடாது.

சொற்களை எங்கிருந்து எடுப்பது

முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போய்க் கண்ணில் பட்டதையெல்லாம் குறிப்பது மிக மெதுவான வழி, களைப்பும் சேர்ந்துவிடும். ஒரு பொறியியல் கையேட்டில் முக்கியமான சொற்கள் ஏற்கெனவே சில இடங்களில் கூடி நிற்கின்றன. உதிரிபாகப் பட்டியலில் பெயர்ச்சொற்கள் எல்லாம் இருக்கும், பாக எண்ணோடு. தொழில்நுட்ப விவர அட்டவணையில் அளவுகள் இருக்கும், அலகோடு. கோளாறு நீக்கல் அட்டவணையில் நோய்க்குறிகள் இருக்கும்: அதிர்வு, கசிவு, சூடேறுதல், இரைச்சல். இந்த மூன்றையும் முடித்தால் பெரும்பகுதி வந்துவிடும். உதிரிபாகப் படத்தில் வராத ஒரு பெயர் வேறெங்காவது வந்தால், அது ஏற்கெனவே உள்ள ஒரு பாகத்தின் மாற்றுப் பெயராகவே பெரும்பாலும் இருக்கும். ஆங்கில மூலத்தை எழுதியவர்களும் மனிதர்கள். அவர்களும் ஒரே பாகத்தை இரண்டு பெயரால் அழைப்பார்கள். அதைக் கண்டுபிடித்தால் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரே எண்ணின்கீழ்ச் சேர்த்து, தமிழில் ஒரே சொல்லை வைக்க வேண்டும். மூலத்தின் தடுமாற்றத்தைத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டிய கடமை நமக்கு இல்லை.

வினைச்சொற்களை மறந்துவிடுவார்கள். ரீபிளேஸ் என்ற ஒரு வினை போதும் நம்மைக் கவிழ்க்க. "பழையதை எறிந்துவிட்டுப் புதியதைப் போடு" என்றும் ஆங்கிலத்தில் அதற்குப் பொருள். "கழற்றியதைத் திரும்ப மாட்டு" என்றும் பொருள். எண்ணெய் பார்த்துவிட்டு மூடியை ரீபிளேஸ் செய் என்றால் திரும்ப மாட்டச் சொல்கிறார்கள். சீலை ரீபிளேஸ் செய் என்றால் புதிது போடச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் "மாற்றவும்" என்று எழுதினால், ஒவ்வொரு முறை எண்ணெய் பார்க்கும்போதும் புது மூடி வாங்க வேண்டியதுதான். எனவே "புதிதாக மாற்று" ஒரு வரி, "மீண்டும் பொருத்து" ஒரு வரி. சாதாரண வினைகளைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். துடை, திற, நிரப்பு போன்றவற்றை யாரும் தவறாக எழுதப்போவதில்லை. பட்டியல் பருத்தால் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

எந்தச் சொல்லைத் தேர்வது

இங்கேதான் சண்டை வரும். பியரிங் என்று எழுதுவதா, தாங்கி என்று எழுதுவதா? தமிழ்ப்பற்று, எளிமை, பழக்கம் என்று பல கோணங்களில் வாதிடலாம், நேரம் போகும். நான் வேறொரு கேள்வியை முதலில் கேட்பேன்: இந்தக் கையேட்டுக்குள் அந்தத் தமிழ்ச் சொல் வேறு எதற்காவது தேவைப்படுகிறதா? குழாயைத் தாங்கிப் பிடிக்கும் சட்டமும் தாங்கிதான். அடித்தளத்தில் மோட்டாரை ஏந்தும் பாகமும் தாங்கிதான். அந்த இரண்டும் இந்தக் கையேட்டில் வருகின்றன என்றால் பியரிங் என்றே எழுதுவது மேல். வராத கையேட்டில் தாங்கி என்று எழுதுவதில் தடையில்லை. சொல் நல்லதா கெட்டதா என்பது கையேட்டைப் பொறுத்தது.

இதைச் சோதிக்க ஒரு மலிவான வழி உண்டு. பட்டியலை விரிதாளில் திறந்து தமிழ்ப் பத்தியின்படி வரிசைப்படுத்துங்கள். வேறு வேறு எண்கள் கொண்ட இரண்டு வரிகளில் ஒரே தமிழ்ச் சொல் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால் அது மோதல். நாம் தொடங்கிய "திறன்" மூன்று முறை அடுக்காக நிற்பதை இப்படிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேஸ்கெட், சீல், பேக்கிங் மூன்றும் "அடைப்பான்" ஆகியிருந்தால் அதுவும் தெரியும். ஹெட் என்பதைத் "தலை" என்று எழுதிவிட்டு, போல்ட்டின் தலையையும் தலை என்று எழுதியிருப்பதும் தெரியும். பம்புக்கு 30 மீட்டர் தலை என்று அச்சில் வந்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது; "நீரேற்ற உயரம்" என்று வைத்துக்கொள்ளலாம்.

திறன் விஷயத்தில் முடிவு எப்படி எடுப்பது? மூன்று உரிமையாளர்களில் ஒருவருக்குத்தான் அந்தச் சொல்லைத் தர முடியும். பவருக்குத் தருவதே நியாயம். ஏனென்றால் குதிரைத்திறன் என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது, மோட்டார் அட்டவணையில் அது வரத்தான் போகிறது. எஃபிஷியன்சிக்குப் பயனுறுதிறன். பம்பின் கெப்பாசிட்டிக்குத் திறன் என்ற ஒலியே வேண்டாம். பாய்வு வீதம் என்பது என்ன அளக்கப்படுகிறது என்பதையே சொல்லிவிடுகிறது. "செயல்திறன்" பெர்ஃபார்மன்ஸ் என்பதற்கு மட்டும். பெயரோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் "திறன்" கிலோவாட்டை மட்டுமே குறிக்கும் என்று ஒரு விதியைப் பட்டியலின் தலைப்பில் எழுதிவிடலாம். இதைவிட நல்ல தீர்வு இருக்கலாம். ஆனால் முடிவெடுக்கும் பேனா ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். பராமரிப்புப் பணியாளரையும் பொறியாளரையும் கேட்டுவிட்டு அவர் எழுதட்டும், வாக்கெடுப்பு வேண்டாம்.

பட்டியலில் மிகச் சிறிய, ஆனால் முதலிலேயே பூட்ட வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது: பாதுகாப்பு முன்சொற்கள். அமெரிக்காவின் இசட்535 வரிசைத் தரங்களில் டேஞ்சர் என்றால் தவிர்க்காவிட்டால் சாவோ கடுங்காயமோ நிகழும். வார்னிங் என்றால் நிகழக்கூடும். காஷன் என்றால் சிறு காயமோ நடுத்தரக் காயமோ ஏற்படக்கூடும். நோட்டீஸ் என்பது உடற்காயத்தைப் பற்றியதல்ல. தமிழில் வார்னிங்கும் காஷனும் இரண்டுமே "எச்சரிக்கை" ஆகிவிடுவதை அடிக்கடி பார்க்கலாம். அபாயம், எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்று நான்கையும் பிரித்து எழுதிவிட்டு, பிறகு யாரும் தொடக்கூடாது என்று வைத்துவிட வேண்டும்.

தமிழ்ச் சொல் அசையாமல் நிற்பதில்லை

ஆங்கிலக் கையேட்டில் ஒரு சொல்லைத் தேடுவது எளிது; பன்மை எஸ் ஒன்றைத் தவிர வடிவம் பெரிதாக மாறாது. தமிழில் "திறன்" என்று தேடினால் திறனை, திறனின், திறனுக்கு எதுவும் கிடைக்காது. "அழுத்தம்" என்று தேடினால் அழுத்தத்தை, அழுத்தத்தின், அழுத்தக்காட்டி எல்லாம் நழுவிவிடும். "தகடு" என்று தேடினால் தகட்டை, தகட்டில் வராது. பட்டியல் இருக்கிறது, தேடியும் பார்த்தாயிற்று, பிழையே இல்லை என்று நிம்மதியடைந்த பலர் பாதிக் கையேட்டைப் பார்க்கவே இல்லை.

தீர்வு எளிது. உருபு ஏறும்போது மாறாமல் நிற்கும் பகுதியைத் தனிப் பத்தியில் எழுதிவைப்பது. முன்னால் கண்ட "stem" அதுதான். கணினியில் மெய்யெழுத்து என்பது எழுத்தும் புள்ளியும். உயிர்மெய் என்பது எழுத்தும் அதன் குறியும். ஆகவே கடைசிப் புள்ளியையோ குறியையோ நீக்கினால் பொதுப்பகுதி கிடைத்துவிடும். திறன் என்பதிலிருந்து "திறன". தகடு என்பதிலிருந்து "தகட", தகட்டை என்பதும் அதே மூன்று எழுத்தில்தான் தொடங்குகிறது. மகரத்தில் முடியும் சொற்களில் ம் முழுவதையும் வெட்ட வேண்டும்: "அழுத்த". இதில் ஒரு வேடிக்கை: "பொத்தானை அழுத்தவும்" என்பதும் சிக்கும். பிரஷர் வரும் இடங்களைத் தேடப் போனால் பொத்தான்கள் எல்லாம் கையைத் தூக்கும். தேவையில்லாமல் கிடைப்பதைக் கண்ணால் தள்ளிவிடலாம். கிடைக்காமல் போவதைத்தான் எதுவும் செய்ய முடியாது.

மூலமும் தமிழும் வரிக்கு வரி இணைந்த கோப்பு இருந்தால் சோதனை இன்னும் கூர்மையாகும். மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் பெரும்பாலானவற்றிலிருந்து இத்தகைய கோப்பை எடுக்கலாம்: ஒவ்வொரு வரியிலும் ஆங்கில வாக்கியம், ஒரு தாவல், தமிழ் வாக்கியம். அதில் இந்த இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள்:

```
awk -F'\t' 'tolower($1) ~ /efficiency/ && $2 !~ /பயனுறுதிறன/' pairs.tsv
awk -F'\t' '$2 ~ /(^| )திறன/ && tolower($1) !~ /power/' pairs.tsv
```

முதலாவது, ஆங்கிலத்தில் எஃபிஷியன்சி இருந்தும் தமிழில் பயனுறுதிறன் வராத வரிகளைக் காட்டும். இரண்டாவது எதிர்த்திசையில் போகிறது: தமிழில் தனியாகத் திறன் நிற்கிறது, ஆங்கிலத்தில் பவர் இல்லை. நம் கோளாறு நீக்கல் பக்கத்தில் ஓட்டினால் இரண்டாவது கட்டளை முதல் இரண்டு வரிகளைப் பிடிக்கும். மூன்றாவதை விட்டுவிடும், ஏனென்றால் அதில் திறன் சரியாகவே நிற்கிறது. பெரும்பாலானோர் முதல் திசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே சொல் பல பொருளைச் சுமக்கும் பிழையை இரண்டாவது திசைதான் நேராகச் சுட்டுகிறது.

கிடைக்கும் வரிகள் எல்லாம் பிழையல்ல. ஆங்கிலம் மூன்று முறை எஃபிஷியன்சி என்று சொன்ன இடத்தில் தமிழ் ஒருமுறை பயனுறுதிறன் என்று சொல்லிவிட்டு, பிறகு "அது" என்று நகர்ந்திருக்கும். அதை மாற்றத் தேவையில்லை. பட்டியலுக்காகத் தமிழைச் சப்பாத்திக் கள்ளியாக்கிவிடக் கூடாது.

எந்தச் சோதனையும் வேலை செய்யவில்லையே என்று திகைக்கவைக்கும் ஒரு காரணம் உண்டு. "கொள்ளளவு" என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாகவும், எகரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரட்டையாகவும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடல் மட்டும் ஒன்றைக் கண்டு மற்றதைக் காணாது. வேறு வேறு விசைப்பலகைகளில் தட்டிய அத்தியாயங்களைச் சேர்க்கும்போது இது வரும். சோதனைக்கு முன்னால் கோப்பை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், பட்டியலையும் சேர்த்துத்தான்:

```
uconv -x any-nfc pairs.tsv > pairs_nfc.tsv
```

விரிதாளிலிருந்து பட்டியலைச் சேமிக்கும்போது கோப்பு வகையில் `CSV UTF-8` என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெறும் `CSV` என்று சேமித்தால் தமிழ்ப் பத்தி முழுவதும் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரக்கூடும்.

பாதி வழியில் சொல்லை மாற்ற நேர்ந்தால்

நேரும். ஏழாம் அத்தியாயத்தில்தான் தெரியும், கேஸிங் என்பதற்கு வைத்த "உறை" சரிவரவில்லை என்று; கப்ளிங்கின் மேலே போடும் பாதுகாப்பு மூடிக்கும் யாரோ உறை என்று எழுதியிருப்பார்கள். சரி, கேஸிங்கைக் "கூடு" ஆக்கிவிடலாம் என்று முடிவெடுக்கிறோம். இந்த இடத்தில் "எல்லாவற்றையும் மாற்று" என்ற பொத்தானை மட்டும் தொடாதீர்கள். உறையை என்பது "கூடுயை" ஆகும். உறையின் என்பது "கூடுயின்" ஆகும். குளிர்காலப் பராமரிப்பு அத்தியாயத்தில் நீரின் உறைநிலை "கூடுநிலை" ஆகிவிடும். அதோடு, பாதுகாப்பு மூடியைக் குறித்த உறைகளும் கூடாகி, எந்தச் சிக்கலைத் தீர்க்கப் போனோமோ அதையே முழுமையாக்கியிருப்போம்.

செய்ய வேண்டியது மெதுவானது. இணைக் கோப்பில் ஆங்கிலத்தில் கேஸிங் உள்ள வரிகளை மட்டும் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் உருபோடு சேர்த்துக் கையால் மாற்றுங்கள்: கூட்டை, கூட்டின், கூட்டில். பட்டியலில் பழைய சொல்லை அழித்துவிடாமல் "avoid" பத்திக்கு நகர்த்துங்கள். நாளும் ஒரு வரிக் காரணமும் எழுதுங்கள். அடுத்த பதிப்பை வேறு யாரோ தமிழாக்கும்போது, "உறை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் கூடு?" என்று கேட்டு மறுபடி மாற்றிவிடாமல் தடுப்பது அந்த ஒரு வரிதான். பட்டியலை மற்ற மென்பொருள்களுக்கு அனுப்ப டிபிஎக்ஸ் என்ற வடிவம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 30042 தரம். ஒரு சொல் விரும்பத்தக்கதா, தவிர்க்க வேண்டியதா என்ற நிலையையும் அது சுமந்து செல்லும். நான்கைந்து பேர் வேலை செய்யும் ஒரு கையேட்டுக்கு விரிதாளே போதும்.

இவை எல்லாம் எட்டாத ஓரிடம் படங்கள். பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில் அம்புக்குறியோடு எழுதிய பெயர்கள் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். இணைக் கோப்பில் வராது, எந்தக் கட்டளைக்கும் சிக்காது. உரையில் கூடு என்று திருத்தி முடித்த பிறகும் படத்தில் உறை என்றே இருக்கும். அந்தப் படத்தைத்தான் பராமரிப்பவர் முதலில் பார்க்கிறார். பட்டியலை அச்சிட்டு, வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாக எண்ணை வைத்துப் பெயரைச் சரிபார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை. பம்ப் கையேட்டில் இருபது முப்பது படங்கள் இருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் எண்ணையும் பெயரையும் வாசிக்க மற்றவர் பட்டியலில் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.